டிஸ்கஷன் அத்தியாயத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஆய்வேட்டில் ரிசல்ட்ஸ் அத்தியாயம் வரை நிதானமாக எழுதிக்கொண்டு வருபவர்கள்கூட டிஸ்கஷன் வந்ததும் திடீரென்று வக்கீல் ஆகிவிடுகிறார்கள். அட்டவணையில் வெறும் 'தொடர்பு' என்று இருந்தது, இரண்டு பக்கம் தள்ளி 'பாதிப்பு' ஆகி, கடைசிப் பத்தியில் அரசுக்கான பரிந்துரையாகவே வந்து நிற்கும். நடுவில் புதிதாக ஒரு தரவும் வந்திருக்காது. வைவாவில் கேள்விகள் குவிவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரு கற்பனை ஆய்வேட்டை வைத்தே பார்ப்போம் (எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் போட்டவை). ஒரு கல்லூரியில் 180 மாணவர்களிடம் ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுக்கிறோம். இரவு பத்து மணிக்கு மேல் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. கூடவே பிட்ஸ்பர்க் தூக்கத் தர அளவுகோல். அது 1989இல் வந்தது, கடந்த ஒரு மாதத் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும், 0 முதல் 21 வரை மதிப்பெண், மதிப்பெண் கூடக் கூடத் தூக்கம் மோசம் என்று பொருள். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்குப் போட்டால் r = 0.28, p < 0.001 என்று வருகிறது.

உடனே "மிக வலுவான தொடர்பு கண்டறியப்பட்டது" என்று எழுதிவிடுவார்கள். p சின்னதாக இருப்பதைப் பார்த்து வருகிற ஆர்வம் அது. ஆனால் p சொல்வது வேறு: உண்மையில் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய r தற்செயலாகக் கிடைப்பது மிக அரிது, அவ்வளவுதான். தொடர்பு பெரிதா சிறிதா என்பதை அது சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில் இதைத் தனியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறது. அளவைத் தெரிந்துகொள்ள r-ஐயே பார்க்க வேண்டும். 0.28-ஐ வர்க்கப்படுத்தினால் 0.078, அதாவது தூக்க மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் 8 சதவீதம்தான் போன் நேரத்தோடு ஒட்டிப் போகிறது, மிச்சம் 92 சதவீதத்துக்கு வேறு ஏதேதோ விஷயங்கள் இருக்கின்றன. 180 பேருக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 0.14 முதல் 0.41 வரை வரும். அதனால் "தொடர்பு இருக்கிறது, ஆனால் மிதமானதுதான், மிகச் சிறியதாக இருக்கவும் வாய்ப்புண்டு" என்று எழுதினால் சரி. இப்படி எழுதினால் ஆய்வு மட்டமாகத் தெரியும் என்று பயப்படத் தேவையில்லை, தேர்வாளரும் அதே அட்டவணையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது வினைச்சொற்கள். 'பாதிக்கிறது', 'குறைக்கிறது', 'காரணமாகிறது', 'நிரூபிக்கிறது': இவற்றில் ஒன்றைக்கூட இந்த ஆய்வு தாங்காது. தூக்கம் வராததால்தான் போனை எடுக்கிறார்களோ என்னவோ? அல்லது செமஸ்டர் பயம் தூக்கத்தையும் கெடுத்து, போனையும் கையில் கொடுக்கிறதோ? ஒரே நாளில் ஒரே முறை கேட்ட கேள்வித்தாளை வைத்து இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு, தலைப்பே 'தாக்கம்' என்ற சொல்லோடு பதிவாகியிருக்கும், இனி மாற்றுவதும் எளிதல்ல. சரி, தலைப்பு அப்படியே இருக்கட்டும். டிஸ்கஷனின் முதல் பக்கத்திலேயே "இந்த ஆய்வின் வடிவமைப்பு தொடர்பை மட்டுமே காட்டும், எது எதற்குக் காரணம் என்று காட்டாது" என்று எழுதிவிட்டு, பிறகு வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'தொடர்புடையது' என்பதைத் தாண்டாமல் இருங்கள். முதல் பக்கத்தில் இப்படி எழுதிவிட்டு நாலாவது பக்கத்தில் 'போன் தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று மறந்துபோய் எழுதுபவர்கள்தான் அதிகம்.

இதற்கு நேர் எதிரான மிகைப்படுத்தலும் ஒன்று உண்டு, அதை யாரும் மிகைப்படுத்தலாகவே நினைப்பதில்லை. விடுதி மாணவர்களையும் வீட்டிலிருந்து வருபவர்களையும் ஒப்பிட்டோம், சராசரி வித்தியாசம் 0.6 மதிப்பெண், இடைவெளி −0.3 முதல் 1.5 வரை, p = 0.19. உடனே "இரு குழுக்களுக்கும் தூக்கத்தில் வித்தியாசம் இல்லை" என்று எழுதுவார்கள். அந்த இடைவெளிக்குள் பூஜ்யமும் இருக்கிறது, ஒன்றரை மதிப்பெண்ணும் இருக்கிறது. ஒன்றரை என்பது கவனிக்க வேண்டிய அளவாகவும் இருக்கலாம். இந்தத் தரவால் முடிவு சொல்ல முடியவில்லை என்பதுதான் இங்கே நேர்மையான பதில்.

இனி வரம்புகள். பெரும்பாலான ஆய்வேடுகளில் இந்தப் பகுதி நாலு வரி மந்திரம்: மாதிரி சிறியது, காலம் போதவில்லை, ஒரே கல்லூரி, எதிர்காலத்தில் பெரிய மாதிரியுடன் செய்யலாம். எந்த ஆய்வேட்டில் கொண்டுபோய் ஒட்டினாலும் ஒட்டும், அதுதான் அதன் குறை. ஒரு வரம்பைச் சொன்னால், அது என் முடிவை எந்தப் பக்கம் வளைத்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் உதாரணத்தில் போன் நேரத்தை மாணவர்களே ஞாபகத்திலிருந்து சொன்னார்கள். ஆட்கள் சொல்லும் நேரத்துக்கும் கருவியில் பதிவாகும் நேரத்துக்கும் ஓரளவுதான் பொருத்தம் இருக்கிறது என்று 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு காட்டியது. இதில் இரண்டு சாத்தியம். எல்லோரும் ஒழுங்கில்லாமல் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால், r உண்மையைவிடச் சிறியதாக வந்திருக்கும். தூக்கம் கெட்டவர்கள் மட்டும் 'ஐயோ, ராத்திரி பூரா போன்தான்' என்று கூட்டிச் சொல்லியிருந்தால், r உண்மையைவிடப் பெரிதாக வந்திருக்கும். இந்த ஆய்வில் எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, அதையும் அப்படியே எழுதலாம். கருவியில் பதிவாகும் திரை நேரத்தையும் வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும் என்பது அடுத்த ஆய்வுக்கான உருப்படியான யோசனை.

அப்புறம் அந்தப் 'பெரிய மாதிரி'. 180 பேரும் யார்? கேள்வித்தாள் கொடுத்த அன்று வகுப்பில் இருந்தவர்கள். இரவு முழுக்க விழித்துவிட்டு முதல் பீரியடுக்கு வராதவர்கள் இதில் இல்லை, ஆனால் ஆய்வுக்கு முக்கியமானவர்களே அவர்கள்தான். அதே முறையில் 1,800 பேரைச் சேர்த்தாலும் அவர்கள் வரப்போவதில்லை. எண்ணிக்கை கூடினால் நம்பிக்கை இடைவெளி குறுகும், மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பது அப்படியே இருக்கும். அதனால் 'சிறிய மாதிரி' என்று எழுதும் இடத்தில், யார் விடுபட்டார்கள் என்று எழுதுங்கள்.

ஒத்துப்போகும் ஆய்வுகளை மட்டும் அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒத்துப்போகாத ஒன்றையாவது எடுத்து, வயது, அளவுகோல், கேட்ட விதம் இவற்றில் எது வேறுபட்டது என்று பாருங்கள்.

கடைசியில் பரிந்துரைப் பகுதி. "விடுதிகளில் இரவு பத்து மணிக்கு மேல் போனைத் தடை செய்ய வேண்டும்" என்று எழுதினால், போனை எடுத்துவிட்டால் தூக்கம் சரியாகும் என்று காட்டியதாக ஆகிறது, நாம் அதைச் சோதிக்கவே இல்லை. "ஒரு விடுதியில் சில வாரங்களுக்கு இரவு நேர போன் பயன்பாட்டைக் குறைத்துப் பார்த்து, குறைக்காத இன்னொரு குழுவோடு தூக்க மதிப்பெண்ணை ஒப்பிடலாம்" என்று எழுதலாம், r = 0.28 அந்த அளவுக்குத் தாங்கும்.