ஐஇஎல்டிஎஸ் லிசனிங் பார்ட் 3: பேசுறவங்க பாதியில மனசை மாத்துனா எந்த ஆப்ஷனை எழுதுறது?

நர்சிங் முடிச்சிட்டு வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் எழுதுற பிள்ளைங்க நம்ம குமரி மாவட்டத்துல வீட்டுக்கு ஒருத்தர்ங்கிற மாதிரி ஆயிட்டு. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் இருந்து என்கிட்ட சந்தேகம் கேக்கிறவங்க முக்காவாசி பேர் சொல்றது ஒரே விஷயம்தான்: "ஆடியோ நல்லா புரியுது, ஆனா சூஸ் பண்ற கேள்வியில மட்டும் மார்க் போயிருது." இது காது பிரச்சனை இல்லைங்க. பேசுறவங்க மனசு மாறுற இடத்தை பிடிக்கத் தெரியல, அவ்வளவுதான். இந்தப் பதிவுல அது ஒண்ணை மட்டும் பாப்போம். பார்ட் 1-ல போன் நம்பரை மாத்தி சொல்றது எல்லாம் ரெண்டு டெஸ்ட் போட்டாலே பழகிரும், அதை விட்டுடறேன்.

பார்ட் 3-ல பெரும்பாலும் ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், இல்லன்னா ஸ்டூடண்டும் டியூட்டரும் ஒரு ப்ராஜெக்ட் பத்தி பேசுவாங்க. ஆடியோ ஒரே தடவைதான் ஓடும். மூணு ஆப்ஷன் இருந்தா மூணையும் பத்தி பேச்சு வரும், அதனால ஒரு ஆப்ஷன் காதுல விழுந்ததுங்கிறதுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. அந்தப் பேச்சு எங்க போய் நிக்குதுங்கிறதுதான் விடை.

ஸ்டெப் 1: கேள்வி யாரைப் பத்தினு பாருங்க

ஆடியோ ஆரம்பிக்கும் முன்னாடி கேள்வியைப் படிக்க கொஞ்சம் நேரம் தருவாங்க. ஆப்ஷனைப் படிக்கிறதுக்கு முன்னாடி கேள்வியில உள்ள ஆளையும் வினைச்சொல்லையும் பாருங்க. "ரெண்டு பேரும் என்ன முடிவு பண்றாங்க"ன்னா ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டதுதான் விடை. "லூசி என்ன நினைக்கிறா"ன்னா டாம் என்ன சொன்னாலும் நமக்கு வேண்டாம்.

ஸ்டெப் 2: எழுத்தை உடனே எழுதாதீங்க, குறி மட்டும் போடுங்க

ஆப்ஷன் பேச்சுல வந்த உடனே பக்கத்துல ஒரு புள்ளி. அதை வேண்டாம்னு விட்டுட்டாங்கன்னா அந்தப் புள்ளி மேல லேசா ஒரு கோடு. கம்ப்யூட்டர்ல எழுதுறவங்களும் கேட்ட உடனே கிளிக் பண்ணாதீங்க, கிளிக் பண்ணிட்டோம்னா மனசு அதோட முடிஞ்சு போச்சுன்னு அடுத்த கேள்விக்கு ஓடிரும், மாறுற இடம் அப்பதான் வரும்.

ஸ்டெப் 3: மாறுற இடத்தைப் பிடிக்கிறது

இங்கதான் அதிகம் பேர் சறுக்குறாங்க, அதனால நிதானமா போவோம். எல்லா கோச்சிங்லயும் 'பட்', 'ஹவெவர்', 'ஆக்சுவலி' வந்தா உஷாரா இருங்கன்னு சொல்லித் தருவாங்க. சரிதான், ஆனா பார்ட் 3-ல நிறைய தடவை அந்த வார்த்தையே வராம மனசு மாறிரும். நானே எழுதுன ஒரு உதாரணம் பாருங்க (டெஸ்ட்ல இது இங்கிலீஷ்ல வரும், புரியறதுக்காக தமிழ்ல போடுறேன்).

கேள்வி: லைப்ரரி ப்ராஜெக்ட்டுக்கு தகவலை எப்படி சேகரிக்க முடிவு பண்றாங்க?
ஏ. மாணவர்கள்கிட்ட ஃபார்ம் நிரப்பி வாங்குறது
பி. ஒவ்வொருத்தர்கிட்டயா பேட்டி எடுக்கிறது
சி. மாணவர்கள் என்ன பண்றாங்கன்னு பாத்து பதியறது

டாம்: ஆன்லைன்ல கேள்வித்தாள் அனுப்பிரலாம்னு இருந்தேன், ஒரே நாள்ல எல்லாருக்கும் போயிரும்.
லூசி: ம்ம்... போகும். போன வருஷம் சீனியர்ஸ் அனுப்புனதுக்கு பாதி பேர் கூட பதில் போடலையாம்.
டாம்: அப்படியா. அப்ப பேட்டி எடுப்போமா? விவரம் நிறைய கிடைக்கும்.
லூசி: நல்லாதான் இருந்திருக்கும், நேரம் மட்டும் இருந்திருந்தா.
டாம்: அதுவும் சரிதான். லைப்ரரியிலயே உக்காந்து யார் எந்தப் பக்கம் போறாங்கன்னு குறிச்சா என்ன?
லூசி: ஏன் போறாங்கன்னு அதுல தெரியாதே... நமக்கு எத்தனை பேர் வர்றாங்கங்கிறதுதான வேணும். ஐ சப்போஸ் தட் உட் டூ.
டாம்: ரைட், எந்த நேரத்துல போவோம்?

முதல் வரியிலயே குறிப்பு இருக்கு. டாம் சொல்றது 'ஐ வாஸ் திங்கிங் ஆஃப்'. 'வாஸ்'னு கடந்த காலத்துல ஒரு திட்டம் வந்தா அது இன்னும் முடிவாகல, பெரும்பாலும் கைவிடப் போறாங்கன்னு அர்த்தம். 'வாஸ் கோயிங் டு', 'வாஸ் ஹோப்பிங் டு' எல்லாம் இதே ரகம். லூசி 'பட்' சொல்லல, 'ம்ம்'னு இழுத்துட்டு போன வருஷக் கதையைச் சொன்னா, அதுலயே ஏ போச்சு. இழுத்து சொல்ற 'யெஸ்'ஸை சம்மதம்னு எடுக்காதீங்க, அதுக்கு அடுத்த வாக்கியத்தைக் கேளுங்க.

பி எப்படி போச்சு? 'இட் உட் ஹேவ் பீன் கிரேட்'. கிரேட்னு கேட்ட உடனே டிக் போடுறவங்க நிறைய. ஆனா 'உட் ஹேவ்' வந்தாலே நடக்காத கதை. இது தமிழ்லயும் அப்படித்தான், 'இருந்திருக்கும்'னு சொன்னா இல்லைன்னுதான அர்த்தம். பாராட்டு வார்த்தையை விட்டுட்டு வினைச்சொல்லைக் கேக்கப் பழகுங்க.

சி-யில நேர் எதிர். லூசி முதல்ல குறை சொல்றா, அதை வச்சு சி-யை அடிச்சிட்டா போச்சு. குறை சொல்லிட்டு அவளே அதுக்கு சமாதானமும் சொல்லிடறா. 'ஐ சப்போஸ்' கேக்க அரைமனசா இருக்கும், ஆனா டெஸ்ட்ல அது சம்மதம்தான். அதே நேரம் 'ஐ சீ', 'ரியலி?' இதெல்லாம் சம்மதம் இல்ல, கேட்டேன்னு மட்டும்தான் அர்த்தம்.

இன்னொண்ணு, ஏ-யில 'கேள்வித்தாள்'னு இல்ல, 'ஃபார்ம்'னு இருக்கு. ஆப்ஷன்ல உள்ள வார்த்தை ஆடியோவுல அப்படியே வரணும்னு எதிர்பாக்காதீங்க, அப்படியே வந்தா கூடுதலா சந்தேகப்படுங்க.

ஸ்டெப் 4: பேச்சு அடுத்த விஷயத்துக்கு போனதும் எழுத்தை எழுதுங்க

டாம் நேரத்தைப் பத்தி கேட்டுட்டான்ல, அப்பதான் இந்தக் கேள்வி முடிஞ்சது. கேள்விகள் ஆடியோ வரிசையிலதான் வரும், அதனால அடுத்த கேள்வியோட முக்கிய வார்த்தையை ஓரக்கண்ணால பாத்து வச்சா எல்லை எதுன்னு தெரியும். அதுவரைக்கும் கோடு விழாம நிக்கிற ஆப்ஷன்தான் விடை. சந்தேகம் இருந்தாலும் காலியா விடாதீங்க, தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது.

எப்படி பிராக்டிஸ் பண்ணலாம்

டெஸ்ட் மேல டெஸ்டா போடுறது எனக்கு சுத்தமா பிடிக்காது. பின்னாடி ஆடியோஸ்கிரிப்ட் உள்ள புத்தகம் ஒண்ணு போதும். தப்பான கேள்வியை எடுங்க, லேப்டாப்ல விஎல்சி ப்ளேயர்ல போடுங்க, `Shift + ←` அழுத்துனா மூணு செகண்ட் பின்னாடி போகும், மாறுற அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப கேளுங்க. அப்புறம் ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு ஆப்ஷனும் எந்த வார்த்தையில செத்துச்சுன்னு பென்சில்ல அடிக்கோடு போடுங்க. வேகத்தைக் குறைச்சு கேக்காதீங்க, 'ம்ம்'னு இழுக்கிற ராகம் கெட்டுப் போயிரும், அதுதான நமக்கு வேணும்.

அப்டேட்: கருங்கல்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டாங்க, "கோடு போட்ட ஆப்ஷனுக்கே திரும்ப வந்துட்டா என்னக்கா செய்ய?" வரும். பேட்டிதான் நல்லதுன்னு ஆரம்பிச்சு, நேரமில்லைன்னு விட்டு, கடைசியில டியூட்டர் ஒரு வாரம் கூடுதலா தர்றேன்னு சொன்ன உடனே பேட்டிக்கே போயிருவாங்க. அதுக்குத்தான் கோட்டை லேசா போடச் சொன்னது, திரும்பி வந்தா கோட்டு மேல ஒரு வட்டம். எதனால விட்டாங்களோ அந்தக் காரணம் (இங்க நேரம்) மறுபடி பேச்சுல வந்தா காதைத் தீட்டிக்கோங்க, திரும்பி வர்றதுக்கு வழி அதுதான்.

இன்னொரு அப்டேட்: ஓஇடி எழுதுறவங்களும் கேக்கிறாங்க. அதுல பார்ட் பி-யில ஆறு சின்ன ஆடியோ, ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி, மூணு ஆப்ஷன். எல்லை ஆடியோவே முடியற இடம்தான், அதனால ஸ்டெப் 4-க்கு அடுத்த கேள்வியைப் பாக்க வேண்டாம், கடைசி வாக்கியம் முடியற வரைக்கும் எழுத்தை எழுதாம இருந்தா போதும்.