துருக்கியா, வங்கதேசமா: கொள்முதல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மனியிலோ ஸ்பெயினிலோ கடை வைத்திருக்கும் ஓர் ஆடை நிறுவனம் தன் டி-ஷர்ட்டுகளை வங்கதேசத்தில் தைத்துக் கப்பலில் வரவழைக்கலாம், அது ஆஃப்ஷோரிங். துருக்கியில் தைத்து லாரியில் வரவழைத்தால் அது நியர்ஷோரிங். கூலி எங்கே குறைவு என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு விடையை வைத்தே முழு முடிவையும் எடுத்துவிடுவதும், அதற்கு எதிர்வினையாக ‘அருகில் இருப்பதே நல்லது’ என்று மறுகோடிக்குப் போய்விடுவதும் இத்துறையில் ஒருசேர நடக்கின்றன.

கூலியை மட்டும் ஒப்பிடுவது முதல் தவறு. ஒரு டி-ஷர்ட்டின் அடக்கவிலையில் பெரும்பங்கு துணிக்குப் போகிறது, தையல் கூலிக்கு அல்ல. ஆகவே கூலி பல மடங்கு வேறுபட்டாலும், கிடங்கு வந்துசேரும்போது இரண்டு சரக்கின் விலையும் அந்த அளவுக்கு வேறுபடுவதில்லை. சுங்கவரியும் இதில் சேரும். வளர்ச்சி குறைந்த நாடு என்ற வகையில் வங்கதேசத்துக்கும், 1996 முதல் நடப்பில் உள்ள சுங்க ஒன்றியத்தின் பேரில் துருக்கிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆடைக்கு வரி கிடையாது. எந்த நாட்டை ஒப்பிட்டாலும் வரி, கப்பல் கட்டணம், தரச்சோதனைச் செலவு எல்லாம் சேர்ந்த விலையையே ஒப்பிட வேண்டும். எடுத்துக்காட்டுக்காக, அப்படிச் சேர்த்த விலை வங்கதேசச் சரக்குக்கு 4 யூரோ, துருக்கிச் சரக்குக்கு 4.80 யூரோ என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் கணக்கு எண்களும் இத்தகைய அனுமானங்களே.

அடுத்த தவறு நுட்பமானது. லீட் டைம், அதாவது ஆர்டர் கொடுத்ததிலிருந்து சரக்கு கிடங்கு சேரும் வரையிலான காலம், சராசரியாக எத்தனை வாரம் என்று கேட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிடங்கில் எவ்வளவு கூடுதல் இருப்பு வைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சராசரி அல்ல, அதன் ஏற்ற இறக்கம். வாரத்துக்கு 1,000 உருப்படிகள் விற்கின்றன, வாரவிற்பனையின் திட்டவிலக்கம், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 300 என்று கொள்வோம். வங்கதேசத்திலிருந்து லீட் டைம் சராசரி 12 வாரம், திட்டவிலக்கம் 2 வாரம். துருக்கியிலிருந்து 4 வாரம், திட்டவிலக்கம் அரை வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரக்கு தீராமல் இருக்க வேண்டுமானால், வழக்கமான பாதுகாப்பு இருப்புச் சூத்திரத்தின்படி வங்கதேச வழிக்கு ஏறத்தாழ 3,700 உருப்படிகளும் துருக்கி வழிக்கு ஏறத்தாழ 1,300 உருப்படிகளும் கையிருப்பில் வேண்டும். ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிட்டு 12 வாரத்தை 6 வாரமாகக் குறைத்தாலும் 3,700 என்பது 3,500 அளவுக்குத்தான் இறங்கும். 12 வாரத்தை அப்படியே வைத்து ஏற்ற இறக்கத்தை 2 வாரத்திலிருந்து 1 வாரமாக்கினாலோ 2,400-க்கு இறங்கிவிடும்.

இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், கடல்பயணத்தின் நீளம் மட்டும் காரணமல்ல என்பது புரியும். சிட்டகாங் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் நுழையப் போதிய ஆழம் இல்லாததால், கன்டெய்னர்கள் பெரும்பாலும் சிறிய கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அந்த இணைப்பு தவறினால் அடுத்த கப்பலுக்கு ஒரு வாரம் காத்திருக்க நேரும். ஆகவே விற்பவர் சொல்லும் ‘12 வாரம்’ என்ற எண்ணை நம்பாமல், கடந்த இரண்டு ஆண்டு ஷிப்மென்ட்டுகளில் ஆர்டர் தேதியையும் கிடங்கு சேர்ந்த தேதியையும் எடுத்து விலக்கத்தைத் தாமே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

இங்கே நியர்ஷோரிங் ஆதரவாளர்கள் செய்யும் தவறையும் சொல்லியாக வேண்டும். தூரத்துச் சரக்கின் கூடுதல் இருப்புச் செலவு கூலி மிச்சத்தை விழுங்கிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள்; கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்ன டி-ஷர்ட் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் விற்கும் வெள்ளை நிறச் சரக்கு என்றால், ஆண்டுக்கு 52,000 உருப்படிகளில் விலை மிச்சம் 41,600 யூரோ. பாதுகாப்பு இருப்பையும் வழியில் இருக்கும் சரக்கையும் சேர்த்து, இருப்பு வைக்கும் செலவை ஆண்டுக்கு 20 சதவீதமாக எடுத்தாலும், தூரத்து வழியின் கூடுதல் சுமை சுமார் 7,500 யூரோதான். இத்தகைய சரக்கைத் துருக்கிக்கு மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும்.

முடிவு மாறுவது பருவச் சரக்கில்தான். ஒரே கோடையில் விற்றுத் தீர வேண்டிய, எந்த நிறம் ஓடும் என்று முன்கூட்டியே தெரியாத 20,000 உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். வங்கதேசத்தில் வாங்கினால் மிச்சம் 16,000 யூரோ. ஆனால் பல மாதங்களுக்கு முன்பே நிறவாரியாக முழு ஆர்டரையும் கொடுத்தாக வேண்டும். 4,000 உருப்படிகள் தேங்கி 1.50 யூரோவுக்குத் தள்ளப்பட்டால் இழப்பு 10,000 யூரோ. விற்பனை விலை 12 யூரோ என்றால், ஓடிய நிறம் தீர்ந்துபோனதால் தவறிய 2,000 விற்பனைகளில் இழந்த இலாபம் 16,000 யூரோ. துருக்கியில் பாதிக்கும் குறைவாக முதலில் வாங்கி, இரண்டு வார விற்பனையைப் பார்த்து மீதியை ஆர்டர் செய்து, தேக்கத்தை 1,000-க்கும் தவறிய விற்பனையை 500-க்கும் குறைக்க முடிந்தால் மொத்த இழப்பு 6,900 யூரோ. வேறுபாடு 19,100 யூரோ, அதாவது கூடுதல் விலையைவிடச் சற்றே அதிகம். அந்தச் ‘சற்றே’ முக்கியம்: விற்பனைக் கணிப்பு கொஞ்சம் துல்லியமாகிவிட்டாலும் விடை திரும்பிவிடும். ஆகவே இம்முடிவை நிறுவனம் முழுவதற்கும் ஒன்றாக எடுக்காமல் சரக்குவாரியாக எடுக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் இதே தராசில்தான் நிறுக்கப்படுகிறார்கள் என்பதால், தமக்கு வரும் ஆர்டர் இவ்விரண்டில் எவ்வகைச் சரக்கு என்று அவர்களும் பார்த்துக்கொள்வது பயன்தரும்.

இடையூறு அபாயத்தில் நடக்கும் பெரிய தவறு, அருகில் இருப்பதைப் பாதுகாப்பு என்று எண்ணுவது. 2023 இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கி, ஆசிய-ஐரோப்பியப் பயணம் ஏறத்தாழ இரண்டு வாரம் நீண்டது. 2024 ஜூலையில் வங்கதேசத்தில் ஊரடங்கும் இணைய முடக்கமும் வந்தன. இவை உண்மை. ஆனால் 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கம் துருக்கியின் நூல், துணி உற்பத்தி மையங்களில் ஒன்றான கஹ்ரமன்மராஷைத் தாக்கியது. 2024 ஜனவரியில் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி ஒரே முறையில் 49 சதவீதம் உயர்ந்தது. மேலும், துருக்கியில் தைக்கும் ஆலை நூலையோ துணியையோ ஆசியாவிலிருந்து இறக்கினால், செங்கடல் தடை அங்கேயும் வந்து நிற்கும். எனவே தைக்கும் நாட்டை மட்டும் கேட்காமல் துணியும் நூலும் சாயமும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்க வேண்டும். இந்த அபாயங்களை மேலே சொன்ன திட்டவிலக்கத்துக்குள் கலப்பதும் தவறு. செங்கடல் விவகாரம் ஓரிரு ஷிப்மென்ட்டைத் தாமதப்படுத்திய தற்செயல் அல்ல. சராசரியையே மாதக்கணக்கில் நகர்த்திய மாற்றம். பாதுகாப்பு இருப்பு அதற்கு ஈடுகொடுக்காது; மாற்று ஆலை கொடுக்கும்.

அந்த மாற்று ஆலையையும் பெயரளவில் வைத்திருந்தால் பயனில்லை. துருக்கியின் 4 வாரம் என்பது, சாயமேற்றாத துணி முன்பே வாங்கி வைக்கப்பட்டு, நிறமும் அளவும் மட்டும் பின்னால் முடிவாகும்போதுதான் கிடைக்கும். துணியையும் அன்றே பின்னத் தொடங்கினால் அந்த வேகம் கிடைக்காது. அவசரத்துக்கு மட்டும் ஆர்டர் கொடுப்பவருக்கு எந்த ஆலையும் தையல் வரிசையை ஒதுக்கி வைப்பதில்லை. நெருக்கடி வரும் மாதத்தில் எல்லா வாங்குபவர்களும் அதே வாசலில்தான் நிற்பார்கள்; அப்போது ஆண்டு முழுவதும் சிறிய அளவிலாவது தொடர்ந்து வாங்கியவருக்கே முதலிடம் கிடைக்கும். அந்தத் தொடர் ஆர்டருக்குக் கொடுக்கும் 80 சென்ட் கூடுதல் விலையைக் காப்பீட்டுச் செலவாகத் தனி வரியில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு யாரேனும் அதை வீண்செலவு என்று வெட்ட வரும்போது பதில் சொல்ல முடியும்.