கைப்பிடியும் உலோக உறையும் சிக்னலைக் குறைப்பது எப்படி?

பெரும்பாலான கைபேசிகளில் முக்கிய ஆன்டெனா கீழ் விளிம்பில் அமைந்திருப்பதால், அப்பகுதியை உள்ளங்கையால் இறுகப் பற்றும்போது கை அலையின் ஒரு பகுதியை உறிஞ்சுவதோடு, ஆன்டெனா இயங்க வேண்டிய அலைவரிசையிலிருந்து அதைச் சற்றே விலக்கியும் விடுகிறது. உலோகச் சட்டமுள்ள கைபேசியின் ஓரத்தில் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல. ஆன்டெனாப் பகுதிகளைப் பிரிக்கும் இடைவெளிகள் அவை. உலோக உறை அவற்றை மூடினால் இழப்பு இன்னும் கூடும்.

இதைச் சோதிக்கச் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம், அவை தோராயமானவை. ஆண்ட்ராய்டு அமைப்புகளில், கைபேசி பற்றிய பகுதியிலுள்ள சிம் நிலையில் சிக்னல் வலிமையைக் குறிக்கும் dBm அளவு தெரியும் (மாடலுக்கேற்ப இடம் மாறலாம்). உறையைக் கழற்றி மேசைமேல் வைத்தபோது -98 என்றும், உறையிட்டுக் கீழ்ப்பகுதியை இறுகப் பிடித்தபோது -108 என்றும் காட்டினால், வந்து சேரும் ஆற்றல் பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள்; இந்த அளவில் எண் 10 இறங்கினால் ஆற்றல் அந்த அளவுக்குக் குறைகிறது. எண் தானாகவே ஏறி இறங்கும் என்பதால், ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று முறை பார்க்கவும்.

கோபுரம் அருகிலிருந்தால் இந்த இழப்பு உறைக்காது. சிக்னல் ஏற்கெனவே மெலிந்த அறையிலோ அழைப்பு துண்டிக்கப்படலாம். அங்கே உறையைக் கழற்றி, கைபேசியின் நடுப்பகுதியை விரல்களால் மட்டும் பிடித்துப் பேசுங்கள்.