காலி செய்துபோன குடியிருப்பவரிடம் கரண்ட், தண்ணீர் பாக்கி கேட்பது எப்படி?

நாகர்கோவில் பக்கத்தில் எங்கள் மாடி வீட்டில் குடியிருந்த தம்பி ஜூன் 28-ல் காலி செய்து மார்த்தாண்டத்துக்குப் போனார். அட்வான்ஸை அன்றைக்கே முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜூலை 8-ல் மின்வாரியத்தில் இருந்து வந்து ரீடிங் எடுத்தார்கள். பில் 1,081 ரூபாய். நம் ஊரில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் என்பதால், ஆள் போன பிறகு பில் வருவது சகஜம்.

"கரண்ட் பில் பாக்கி இருக்கு, உடனே கட்டவும்" என்று அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. "இன்று இரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மோசடிக்காரர்கள் அனுப்பும் மெசேஜ் மாதிரியே அது இருந்திருக்கிறது! அப்புறம் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முதலில் நீங்கள் கட்டிவிடுங்கள்

ரீடிங் எடுத்த நாளில் இருந்து 20 நாள்தான் கெடு. இணைப்பு உங்கள் பெயரில் இருக்கிறது, ஃபியூஸைப் பிடுங்கினால் இருட்டாவது உங்கள் வீடு. கட்டிய ரசீதை எடுத்து வையுங்கள்.

2. அவர் யூனிட்டைப் பிரியுங்கள்

இதற்கு மூன்று ரீடிங் வேண்டும். மே 9-ல் வாரியம் எடுத்தது 6120. ஜூன் 28-ல் சாவி வாங்கும்போது நான் போட்டோ எடுத்தது 6460. ஜூலை 8-ல் 6500. ஆக அவர் ஓட்டியது 340 யூனிட். மீதி 40 யூனிட், பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஓட்டியது.

போட்டோ எடுக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். டிஜிட்டல் மீட்டரில் தேதி, நேரம், வேறு ஏதேதோ எண்கள் என்று திரை மாறிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் kWh என்று தெரியும்போது வரும் எண்தான் யூனிட். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை விட்டுவிடலாம். நான் முதலில் எடுத்த போட்டோவில் மணிதான் பதிந்திருந்தது.

போட்டோவே எடுக்கவில்லையா? நாள் கணக்கில் பிரிக்க வேண்டியதுதான். மே 9 முதல் ஜூலை 8 வரை 60 நாளில் அவர் இருந்தது 50 நாள். ஆனால் இது உத்தேசக் கணக்கு என்பதை மெசேஜிலேயே சொல்லிவிடுங்கள்.

3. யூனிட்டை ரூபாயாக்குங்கள்

இங்கேதான் பலரும் சறுக்குவார்கள். 1,081-ஐ 380-ஆல் வகுத்து 340-ஆல் பெருக்கினால் 967 வரும். ஆனால் மின்கட்டணம் ஒரே விலை இல்லையே. முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறும். என் 40 யூனிட் கடைசியில் சேர்ந்ததால் விலை கூடிய படியில் விழுந்தது. அதை அவர் தலையில் கட்டுவது சரியில்லை. மின்வாரிய இணையதளத்தில் பில் கணக்கிடும் பக்கம் உண்டு. அதில் வெறும் 340 போட்டுப் பார்த்தேன். 893 ரூபாய் வந்தது. அதைத்தான் கேட்டேன்.

4. தண்ணீர்

மாதம் 100 ரூபாய் என்று பேசியிருந்தோம். ஏப்ரல், மே, ஜூன் வரவில்லை, 300. கிணற்று மோட்டார் அவர் மீட்டரிலேயே ஓடுகிற வீடானால் தண்ணீருக்குத் தனியாகக் கேட்காதீர்கள். அந்தச் செலவு கரண்டிலேயே வந்துவிடும்.

5. மெசேஜ்

உடனே, கெடு, துண்டிப்பு போன்ற சொற்களும் லிங்க்கும் வேண்டாம். எந்த வீடு, யார் என்பது முதல் வரியிலேயே தெரியட்டும். நான் அனுப்பியது இது:

> தம்பி, மாடி வீட்டு அண்ணாச்சி பேசுறேன். புது வீட்டுல எல்லாம் வசதியா இருக்கா? நீங்க இருந்தப்போ உள்ள கரண்ட் பில் இப்பதான் வந்தது. மே 9 ரீடிங் 6120, நீங்க சாவி தந்த அன்னைக்கு 6460. 340 யூனிட்டுக்கு 893 ரூபாய். அதுக்குப் பிறகு ஓடினது என் கணக்கு. தண்ணிக்கு ஏப்ரல், மே, ஜூன் 300. மொத்தம் 1,193. பில்லும் மீட்டர் போட்டோவும் கீழே இருக்கு. இந்த நம்பருக்கே ஜிபே பண்ணலாம். 20-ம் தேதிக்குள்ள போட்டா உதவியா இருக்கும். கணக்குல ஏதாவது விட்டுப்போயிருந்தா சொல்லுங்க.

பில், ரசீது, இரண்டு போட்டோ, எல்லாம் அடுத்தடுத்து போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அண்ணாச்சி, ஏப்ரல் தண்ணி காசு அக்கா கையில குடுத்தேனே." வீட்டுக்காரியிடம் கேட்டால், அடுக்களைக் காலண்டரில் ஏப்ரல் 6-க்கு நேராக "மேல் வீடு 100" என்று எழுதியே வைத்திருக்கிறாள். "சரி தம்பி, என் தப்பு. 1,093 போட்டா போதும்" என்று திருத்தி அனுப்பினேன். சாயங்காலமே பணம் வந்துவிட்டது.