இருபத்து நாலு சீட்டைக் கலைக்கும்போது செய்யும் தவறு

டர்பனில், குறிப்பாகச் சாட்ஸ்வொர்த் பக்கம், துனி ஆடத் தெரியாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நாலு பேர், இருபத்து நாலு சீட்டு. ஜாக்கிதான் பெரியது, அதற்குக் கீழே ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி. முதலில் ஆளுக்கு நாலு சீட்டு போடுவார்கள். அந்த நாலைப் பார்த்துத்தான் கேள்வி கேட்பது, துருப்பு வைப்பது எல்லாம். அப்புறம் ஆளுக்கு இரண்டு.

என் அக்கா மகன் இந்த ஆட்டத்தைப் போனுக்காக எழுதினான். சீட்டைக் கலைக்கும் பகுதியை மட்டும் எனக்குக் காட்டினான்:

```python
for i in range(24):
    j = random.randrange(24)
    cards[i], cards[j] = cards[j], cards[i]
```

ஒவ்வோர் இடமாகப் போகிறோம், அங்கே உள்ள சீட்டை இருபத்து நாலில் ஏதோ ஓர் இடத்துச் சீட்டோடு மாற்றுகிறோம். பார்த்தால் இதைவிட நியாயமாக என்ன செய்ய முடியும் என்றுதான் தோன்றும். "சோதனை பண்ணிட்டேன் மாமா, லட்சம் தடவை ஓட்டிப் பார்த்தேன், பட்டியலில் முதல் சீட்டு எல்லா இடத்துக்கும் சமமா போகுது" என்றான். அவன் சொன்னது உண்மைதான். ஆனாலும் இந்தக் கலைப்பு கோணலானது.

மூன்று சீட்டில் பார்த்தால் விரல் விட்டே எண்ணிவிடலாம். A, B, C என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை மாற்றுகிறோம், ஒவ்வொரு தடவையும் மூன்று வாய்ப்பு. ஆக 27 வழி, எல்லாம் சம வாய்ப்புள்ளவை. ஆனால் மூன்று சீட்டை அடுக்க ஆறு வகைதான் உண்டு. இருபத்தேழை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கு போட முடியாது. பொறுமையாக எழுதிப் பார்த்தால் ACB, BAC, BCA மூன்றும் ஐந்து ஐந்து வழியில் வரும். ABC, CAB, CBA மூன்றும் நாலு நாலு வழியில் வரும். இருபத்து நாலு சீட்டிலும் இதே சிக்கல்தான். வழிகள் 24-ஐ இருபத்து நாலு தடவை பெருக்கினால் வருபவை. அது 5-ஆல் வகுபடாது. அடுக்கு வகைகளின் எண்ணிக்கையோ 5-ஆல் வகுபடும். எனவே எத்தனை நல்ல ரேண்டம் எண் கொடுத்தாலும் பங்கு சமமாக விழாது.

சரி, கோணல் எந்தப் பக்கம் சாய்கிறது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. அவன் பட்டியலில் ஒவ்வோர் இனத்தையும் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கியிருந்தான். கடைசிச் சீட்டு இஸ்பேட் ஜாக்கி. அதை மட்டும் பின்தொடர்வோம்.

அது 24-ஆம் இடத்தில் காத்திருக்கிறது. முதல் மாற்றத்தில் அது முதலிடத்துக்கு வர 24-இல் 1 வாய்ப்பு. வந்தாலும் அங்கேயே நிலைக்க வேண்டுமே! இன்னும் இருபத்து மூன்று மாற்றம் பாக்கி, ஒவ்வொன்றும் அதை இழுத்துக்கொண்டு போக 24-இல் 1 வாய்ப்பு. அத்தனையிலும் தப்பிப்பது சுமார் 37.6 சதவீதம்தான். இன்னொரு வழியும் உண்டு: இருபத்து மூன்று மாற்றத்திலும் யாரும் தொடாமல் கடைசி இடத்திலேயே இருந்து, கடைசி மாற்றத்தில் முதலிடத்துக்குப் போவது. இரண்டையும் கூட்டினால் 3.13 சதவீதம், அதாவது ஏறக்குறைய 32-இல் 1. நியாயமாக 24-இல் 1 வர வேண்டும்.

23-ஆம் இடத்தைப் பாருங்கள். இருபத்து மூன்றாவது மாற்றத்தில் ஜாக்கி அங்கே வந்தால், அதைக் கலைக்க ஒரே ஒரு மாற்றம்தான் மிச்சம். அதனால் அங்கே முடிவது 5.56 சதவீதம், ஏறக்குறைய 18-இல் 1. முன்னால் விழுந்தது திரும்பத் திரும்பக் கலைகிறது, பின்னால் விழுந்தது அப்படியே தங்கிவிடுகிறது.

ஆட்டத்தில் இது எங்கே இடிக்கும்? பட்டியலின் 17 முதல் 24 வரையுள்ள எட்டு இடங்கள்தான் இரண்டாம் சுற்றில் போடும் சீட்டுகள். நியாயமான கலைப்பில் இஸ்பேட் ஜாக்கி அங்கே போவது 33.3 சதவீதம். இந்தக் கலைப்பில் 39.8. கேள்வி கேட்கும் நேரத்தில் யார் கையிலும் அது இல்லாமல் போவது நூறு ஆட்டத்தில் ஆறு ஏழு தடவை கூடுகிறது. கையில் விளையாடி யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பட்டியலைப் புதிதாக அடுக்கிக் கலைக்கும் நிரலில் அந்தச் சாய்வு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும்.

அவன் சோதனை ஏன் தேறியது? முதல் சீட்டு முதல் மாற்றத்திலேயே இருபத்து நாலு இடங்களுக்கும் சமமாக வீசப்பட்டுவிடுகிறது. அப்புறம் வரும் மாற்றங்கள் அந்தச் சமத்தைக் குலைப்பதில்லை. கடைசி இடத்துக்கு எந்தச் சீட்டு வருகிறது என்று எண்ணினாலும் சமமாகத்தான் வரும். முதல் சீட்டையும் கடைசி இடத்தையும்தான் யாரும் சோதிப்பார்கள். இந்தத் தவறு சரியாக அந்த இரண்டிலும் மறைந்துகொள்கிறது.

திருத்தம் சின்னது. பின்னாலிருந்து வாருங்கள்; இடம் முடிவான சீட்டை மறுபடி தொடாதீர்கள்:

```python
for i in range(23, 0, -1):
    j = random.randrange(i + 1)
    cards[i], cards[j] = cards[j], cards[i]
```

முதலில் இருபத்து நாலில் ஒன்று கடைசி இடத்துக்குப் போய் அங்கேயே நிற்கிறது. பிறகு மீதி இருபத்து மூன்றில் ஒன்று அதற்கு முந்திய இடத்துக்கு. வழிகள் 24 × 23 × 22 என்று இறங்கி 2 வரை. அடுக்கு வகைகளும் அதே எண்ணிக்கை. ஒரு வழிக்கு ஓர் அடுக்கு. ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் தாளில் செய்யும்படி சொன்ன முறை இது. இப்படி இடம் மாற்றிச் செய்யும் வடிவத்தை 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் வெளியிட்டார்.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. `i + 1` என்பதற்குப் பதில் `i` என்று எழுதிவிட்டால் எந்தச் சீட்டும் தன் பழைய இடத்தில் இருக்கவே முடியாது. மூன்று சீட்டில் ஆறு வகையில் BCA, CAB இரண்டு மட்டுமே வரும். இருபத்து நாலில், வரக்கூடியவை மொத்த வகைகளில் 24-இல் ஒரு பங்குதான். திரையில் பார்த்தால் நன்றாகக் கலைந்த மாதிரியே தெரியும், அதுதான் ஆபத்து.

1999-இல் ஓர் இணையப் போக்கர் நிரலின் கலைப்பு வெளியில் வந்தபோது இரண்டு கோளாறு சேர்ந்தே இருந்தது. எல்லா இடத்தோடும் மாற்றும் அதே முறை. அதோடு ரேண்டம் எண் 52 வரை போகாமல் 51-இல் நின்றுவிட்டது, அதனால் கடைசிச் சீட்டு கடைசி இடத்தில் முடியவே முடியாது. போதாக்குறைக்கு ரேண்டம் எண்ணின் தொடக்கம் நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி விநாடி என்பதுதான்: ஒரு நாளில் 8.64 கோடி. அதற்கு மேல் வேறு கட்டே வர முடியாது. பணம் வைத்து ஆடும் இடம் என்றால் பைதானில் `random.SystemRandom().shuffle(cards)` போடுங்கள். கலைப்பு முறையும் சரி, தொடக்கத்தை ஊகிக்கவும் முடியாது.

அக்கா மகனுக்கு நான் சொன்ன சோதனை இது: இருபத்து நாலை விடு, அதே நிரலை மூன்று சீட்டுக்கு மாற்றி அறுபதாயிரம் தடவை ஓட்டு, ஆறு அடுக்கையும் தனித்தனியாக எண்ணு. சரியானால் ஒவ்வொன்றும் பத்தாயிரத்தை ஒட்டி, பெரும்பாலும் இருநூறுக்குள் கூடக் குறைய வரும். அவன் பழைய நிரல் மூன்றுக்கு 11,100-ஐ ஒட்டியும் மூன்றுக்கு 8,900-ஐ ஒட்டியும் காட்டியது. புதிய நிரலில் ஆறும் பத்தாயிரத்தைச் சுற்றியே நின்றன.