கிரெடிட்ல சரக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அந்த கம்பெனி மேல கேஸ் இருக்கான்னு பாக்குறது எப்படி

கரூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருந்து வெளியூர் கம்பெனிக்கு 60 நாள், 90 நாள் கிரெடிட்ல சரக்கு அனுப்புறவங்களுக்காக இதை எழுதுறேன். நிறைய பேரு ஜிஎஸ்டி நம்பர் ஆக்டிவா இருக்கான்னு பாப்பாங்க, கூகுள்ல ரெவ்யூ பாப்பாங்க, அதோட லோடு ஏத்திடுவாங்க. அந்த கம்பெனி மேல திவால் மனு இருக்கா, செக் பவுன்ஸ் கேஸ் ஓடுதான்னு காசு செலவில்லாம உக்காந்த இடத்துலயே பாக்கலாம், பெரும்பாலும் ஒரு மணி நேர வேலைதான். பிரைவேட் லிமிடெட், லிமிடெட், எல்எல்பி இதுக்கெல்லாம் மூணு ஸ்டெப்பும் பொருந்தும். தனி ஆளு நடத்துற ஃபர்ம், பார்ட்னர்ஷிப்னா மூணாவது ஸ்டெப் மட்டும் போதும்.

ஸ்டெப் 1: சட்டப்படி பேரு என்னன்னு புடிங்க

போர்டுல இருக்கிற பேரும் கோர்ட்டுல இருக்கிற பேரும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. பைஜூஸ் எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்த கம்பெனியோட பதிவான பேரு திங்க் அண்ட் லேர்ன் பிரைவேட் லிமிடெட். பைஜூஸ்னு தேடிட்டு ஒண்ணும் வரலையே, கிளீன் கம்பெனி போலன்னு நினைச்சா கதை முடிஞ்சது.

பர்ச்சேஸ் ஆர்டர்ல இருக்கிற முழுப் பேரை எடுத்துகிட்டு mca.gov.in போங்க, அங்க `View Company/LLP Master Data` திறங்க. லாகின் கேட்டா ஒரு ஐடி போட்டுக்கங்க. இதுல நாலு விஷயத்தை எழுதி வச்சுக்கங்க: சரியான பேரு, பதிவு அலுவலகம் எந்த மாநிலம், டைரக்டர்கள் யாரு, அப்புறம் கம்பெனியோட ஸ்டேட்டஸ். ஸ்டேட்டஸ்ல `Active`ன்னு இருந்தா மேல போலாம். `Under CIRP`, `Under Liquidation`ன்னு இருந்தா ஏற்கனவே திவால் நடவடிக்கை நடந்துகிட்டு இருக்குன்னு அர்த்தம், கிரெடிட் பேச்சை அங்கேயே நிறுத்திடுங்க.

ஸ்டெப் 2: என்சிஎல்டில மனு இருக்கான்னு பாருங்க

`Active`ன்னு இருக்கிறதாலயே நிம்மதி ஆயிடக்கூடாது. மனு போட்ட உடனே ஸ்டேட்டஸ் மாறாது, என்சிஎல்டிங்கிற தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் மனுவை அனுமதிச்சப்புறம்தான் மாறும். சட்டத்துல இதுக்கு 14 நாள்னு இருந்தாலும் நடைமுறைல மாசக்கணக்குல இழுக்கும். நமக்கு ஆபத்தே இந்த இடைவெளிலதான், ஏன்னா இந்த நேரத்துல கம்பெனி வெளிய சாதாரணமா ஓடிகிட்டு இருக்கும், புது சப்ளையர்கிட்ட புது ஆர்டரும் குடுக்கும்.

பைஜூஸ் விஷயத்துலயே பாருங்க, 158.9 கோடி ஸ்பான்சர்ஷிப் பாக்கிக்காக பிசிசிஐ 2023லயே பெங்களூரு பெஞ்சுல மனு போட்டுடுச்சு. அனுமதி ஆனது 2024 ஜூலை 16ல. நடுவுல அத்தனை மாசமும் என்சிஎல்டில தேடியிருந்தா மனு கண்ணுல பட்டிருக்கும், திவால் வாரியத்தோட சைட்டுல தேடியிருந்தா ஒண்ணும் வந்திருக்காது. அனுமதி ஆனப்புறம் வர்ற பொது அறிவிப்புதான் ibbi.gov.inல போடுவாங்க. அதனால ரெண்டையும் பாக்கணும், முதல்ல என்சிஎல்டி.

nclt.gov.in போய் கேஸ் ஸ்டேட்டஸ்ல பார்ட்டி பேரு வச்சு தேடுங்க. பெஞ்சு கேக்கும், பதிவு அலுவலகம் எந்த மாநிலத்துல இருக்கோ அந்த பெஞ்சு. தமிழ்நாடு, புதுச்சேரின்னா சென்னை. ஃபேக்டரி ஓசூர்ல இருந்து பதிவு அலுவலகம் பெங்களூர்ல இருந்தா பெங்களூரு பெஞ்சுலதான் தேடணும், இதுல நிறைய பேரு தப்பு பண்றாங்க. வருஷத்தை ஒவ்வொண்ணா மாத்தி குறைஞ்சது மூணு வருஷம் பாருங்க. முழுப் பேரை அடிக்காதீங்க, `Pvt Ltd`ன்னு ஒருத்தர் பதிஞ்சிருப்பாரு, `Private Limited`ன்னு இன்னொருத்தரு, `&` இருக்கிற இடத்துல `and`ன்னு இருக்கும், இனிஷியலுக்கு நடுவுல புள்ளி இருக்கும் இல்லாம இருக்கும். பேர்ல தனியா தெரியுற ஒரு வார்த்தையை மட்டும் போட்டு தேடி, வர்ற லிஸ்ட்ல கண்ணால பொறுக்கி எடுங்க.

வந்த கேஸ்ல இந்த கம்பெனி மனுதாரரா எதிர்தரப்பான்னு முதல்ல பாருங்க, மனுதாரரா இருந்தா அவங்க வேற யார்கிட்டயோ பாக்கி வசூல் பண்றாங்க, அவ்ளோதான். எதிர்தரப்புன்னா ஆர்டர் பிடிஎஃப்பை திறந்து எந்த பிரிவுன்னு பாருங்க. பிரிவு 7 பேங்க் மாதிரி கடன் குடுத்தவங்க போட்டது, பிரிவு 9 நம்மள மாதிரி சப்ளையர் போட்டது, பிரிவு 10 கம்பெனியே தன்னால முடியலன்னு போட்டது.

முடிஞ்ச கேஸையும் விடாதீங்க. வாபஸ்னு இருந்தா பெரும்பாலும் செட்டில் ஆகியிருக்கும். ஒரு தடவைன்னா பரவால்ல, வேற வேற சப்ளையர் போட்டு எல்லாமே வாபஸ்னு வரிசையா இருந்தா, மனு போட்டாத்தான் இவங்க காசு குடுப்பாங்கன்னு புரிஞ்சுக்கலாம். அதே மாதிரி ஏற்கனவே தகராறு இருந்துச்சுன்னு தள்ளுபடி ஆகியிருந்தா ஆர்டரை முழுசா படிங்க, சில கம்பெனிங்க பேமென்ட் தேதி வந்ததும் குவாலிட்டி சரியில்லன்னு மெயில் போடுறதை வழக்கமாவே வச்சிருக்கும்.

ஸ்டெப் 3: செக் பவுன்ஸ் கேஸை சரியான ஊர்ல தேடுங்க

என்சிஎல்டில ஒண்ணுமே இல்லாம இருக்கலாம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2020 மார்ச்ல இருந்து 1 கோடிக்கு கீழ பாக்கின்னா திவால் மனு போட முடியாது, முன்னாடி 1 லட்சம் இருந்தாலே போதும். அதனால 12 லட்சம், 18 லட்சம் மாட்டிகிட்ட சின்ன சப்ளையருங்க போறது செக் பவுன்ஸ் கேஸுக்கு, இல்ல சிவில் கோர்ட்டுக்கு.

services.ecourts.gov.in போங்க, பார்ட்டி பேரு தேடல்ல மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம், வருஷம் எல்லாம் குடுக்கணும். எந்த மாவட்டம்னுதான் கேள்வி. கம்பெனி சென்னைல இருக்கு, சென்னைல தேடுவோம்னு தோணும். ஆனா 2015ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், அக்கவுன்ட்ல போட்ட செக் திரும்பினா, பணம் வரவேண்டியவரோட பேங்க் கிளை எந்த கோர்ட் எல்லைல இருக்கோ அங்கதான் கேஸ். அதாவது ஏமாந்தவரோட ஊர்ல.

ஒரு உதாரணம். சென்னைல இருக்கிற ஒரு பெட்ஷீட் கம்பெனி உங்ககிட்ட 18 லட்சத்துக்கு கிரெடிட் கேக்குதுன்னு வைங்க. அவங்க நூல் வாங்குறது கோயம்புத்தூர், துணி வாங்குறது ஈரோடு, கரூர்னா சென்னைல தேடி கிளீனா வந்ததுக்கு மதிப்பே இல்ல, அந்த மூணு மாவட்டத்துலயும் தேடணும். கம்பெனி பேர்ல ஒரு தடவை, ஒவ்வொரு டைரக்டர் பேர்லயும் ஒரு தடவை, ஏன்னா செக்ல கையெழுத்து போட்டவரையும் எதிரியா சேப்பாங்க, சில கேஸ்ல அவரு பேருதான் முதல்ல இருக்கும். டைரக்டர் பேரு பொதுவான பேரா இருந்தா வேற ஆளோட கேஸும் வந்து நிக்கும், உள்ள போய் கம்பெனி பேரும் இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. பெரிய தொகை சிவில் வழக்குகளுக்கு சென்னை உயர் நீதிமன்றத்துலயும் தனியா தேடணும், மாவட்ட கோர்ட் தேடல்ல அது வராது.

கேஸ் இருக்குன்னு தெரிஞ்சா?

நிலுவைல ஒரு திவால் மனு இருந்தா அட்வான்ஸ் வாங்காம அனுப்பாதீங்க. மனு அனுமதி ஆன நாள்ல இருந்து தடைக்காலம் ஆரம்பிச்சுடும், பழைய பாக்கிக்கு நீங்க கேஸ் போட முடியாது, கிளெய்ம் ஃபார்ம் குடுத்துட்டு வரிசைல நிக்கணும், அந்த வரிசைல பேங்குகளுக்கு அப்புறம்தான் சப்ளையர், பல தடவை கைக்கு ஒண்ணுமே வராது.

ஏற்கனவே அனுமதி ஆன கம்பெனி சரக்கு கேட்டா அது வேற கணக்கு. அப்ப கம்பெனியை நடத்துறது பழைய டைரக்டர் இல்ல, தீர்ப்பாயம் நியமிச்ச தீர்வு அதிகாரி. அவரு எழுத்துல ஆர்டர் குடுத்து நீங்க அனுப்பினா அந்த பணம் திவால் நடவடிக்கையோட செலவுல சேரும், பழைய கடன்காரங்களுக்கு முன்னாடி உங்களுக்கு குடுத்தாகணும். பழைய டைரக்டரோ மேனேஜரோ போன்ல சொன்னாங்கன்னு மட்டும் லோடு ஏத்தாதீங்க.