காலை வெயிலுக்கு எதிரே படம் எடுக்கும்போது ஃப்ளேரை அடக்குவது எப்படி?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் கடலைப் பின்னணியாக வைத்து ஆளை எடுத்தால், காலையில் சூரியன் லென்ஸுக்கு எதிரேதான் நிற்கும். நம் கரை கிழக்கு பார்த்தது, வேறு வழியில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்திலும் இதே கதைதான். வெயில் லென்ஸுக்குள் சிதறிப் படத்தைக் கெடுக்கும் இந்த ஃப்ளேர் இரண்டு விதமாக வரும். படத்தில் கறுப்புத் தலைமுடி சாம்பலாகி, மொத்தமும் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தால் அது மூட்டம். பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் வரிசையாக விழுந்திருந்தால் அது கோஸ்ட். எக்ஸ்போஷர், ஃபோகஸ் எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்குப் போகிறேன்.

படி 1: லென்ஸின் முன்கண்ணாடி

கடற்காற்றில் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் உப்புப் படலம் படியும். நேர்வெயில் பட்டால் அது முழுக்க ஒளியைச் சிதறடிக்கும். முதலில் ஊதுகுமிழால் ஊதிவிட்டு, பிறகு லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். உலர்ந்த சட்டை நுனியால் தேய்த்தால் உப்புப் பரல் கோட்டிங்கைக் கீறிவிடும். யூவி ஃபில்டர் போட்டிருந்தால் இந்த மாதிரிப் படத்துக்குக் கழற்றிவிடுங்கள். சென்சாரில் பட்டுத் திரும்பும் ஒளியை அந்தத் தட்டைக் கண்ணாடி மறுபடியும் உள்ளே அனுப்பும். மலிவு ஃபில்டரை விட வெறும் லென்ஸே மேல் என்பது என் கட்சி.

படி 2: ஹூட் போட்டும் மூட்டம் போகவில்லையா?

பலரும் தடுக்கி விழும் இடம் இது. 18-55 கிட் லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதன் ஹூட் 18 மி.மீ.க்காகச் செய்தது, அந்த அகலக் காட்சியின் ஓரம் மறையக் கூடாது என்பதால் குட்டையாக இருக்கும். நீங்கள் 55 மி.மீ.யில் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரை எடுக்கிறீர்கள். சட்டத்தின் மேல்விளிம்பு நடுவிலிருந்து சுமார் 12 டிகிரியில் முடிகிறது. சூரியன் உதித்து ஒன்றரை மணி நேரம் ஆகி, 20 டிகிரி உயரத்துக்கு வந்துவிட்டது. அதாவது சூரியன் படத்திலேயே இல்லை. ஆனால் குட்டை ஹூட்டைத் தாண்டி வெயில் கண்ணாடியில் விழுகிறது. படத்துக்கு உதவாத அந்த ஒளி உள்ளே அங்கங்கே பட்டுச் சிதறி மூட்டமாகிறது.

ஆகவே ஹூட் மாட்டியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள். கண்ணாடியில் நிழல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தால் கண்ணாடியில் வெயில் பளிச்சென்று தெரியும். இடது கையை லென்ஸுக்கு மேலே, சற்று முன்னால் நீட்டி, நிழல் கண்ணாடி முழுவதையும் மூடும்வரை நகர்த்துங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே செய்தால் அந்தக் கணம் தெளிவாகத் தெரியும்: தலைமுடி சட்டென்று கறுக்கும், சட்டையின் நிறம் திரும்பி வரும். கை படத்துக்குள் வந்தால் ஒரு விரற்கடை பின்வாங்குங்கள். ஒரு தொப்பியோ, கறுப்பு அட்டையோ இன்னும் வசதி. என்னைக் கேட்டால் விலை உயர்ந்த ஹூட்டை விட இந்த அட்டைதான்.

படி 3: சூரியன் படத்துக்குள்ளேயே இருந்தால்

இங்கே ஹூட்டும் கையும் செல்லாது. கோணத்தை மாற்றுவதுதான் வழி. ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, சூரியனை ஆளின் தலைக்குப் பின்னாலோ விளக்குக் கம்பத்துக்குப் பின்னாலோ மறைத்துவிடுங்கள். மறைக்க முடியாவிட்டால், கோஸ்ட் விழும் இடத்தையாவது தேர்ந்தெடுக்கலாம். சூரியனிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாகக் கோடு போட்டால், பொட்டுகள் அந்தக் கோட்டில்தான் வரும். அது முகத்தில் விழாதபடி கேமராவைத் திருப்பினால் போதும். லென்ஸின் அப்பர்ச்சர் துளையைச் சுருக்கினால் கோஸ்ட் போய்விடாது. சிறிதாகி, விளிம்பு கூர்மையாகி இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: டிஎஸ்எல்ஆரின் வ்யூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். திரையிலேயே பாருங்கள்.

கோட்டிங் பற்றி

கோட்டிங் இல்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஜூம் லென்ஸில் இருபதுக்கும் மேற்பட்ட பரப்புகள் இருக்கலாம். நல்ல பல அடுக்குக் கோட்டிங் அதை அரை சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரும். பழைய லென்ஸ் வாங்கப் போனால் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள். பிரதிபலிப்புகள் மங்கலாகப் பச்சை, ஊதாவாகத் தெரிந்தால் நல்லது. வெள்ளை வெளேரென்று தெரிந்தால் அதைக் காலை வெயிலுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பிற்சேர்க்கை: போனில் எடுப்பவர்கள், இரவில் தெருவிளக்கு வைத்து எடுத்தால் பச்சைப் பொட்டு வருகிறதே என்று கேட்டிருந்தார்கள். அதுவும் கோஸ்ட்தான். பெரும்பாலும் விளக்கின் தலைகீழ் பிம்பமாக நடுப்புள்ளிக்கு மறுபுறம் நிற்கும். முதலில் விரல் எண்ணெயைத் துடையுங்கள்; மூட்டம் குறையும், பொட்டு போகாது. விளக்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் பொட்டு அதன்மேலேயே போய் ஒளிந்துகொள்ளும். அப்புறம் வேண்டிய அளவுக்குப் படத்தை வெட்டிக்கொள்ளலாம்.